விலைப்பலகைப் படம் சொதப்புகிறதா? டீக்கடை அண்ணன் கைபேசியில் கற்றுக்கொண்ட திருத்தங்கள்

டீக்கடை அண்ணனுக்குக் காலையில் அடுப்பு பற்றவைத்ததும் இன்னொரு வேலை உண்டு. கரும்பலகையில் அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுதி, கைபேசியில் படம் எடுத்து, வாடிக்கையாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் ஸ்டேட்டஸிலும் போடுவார். அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்து அலுவலகங்களில் இருந்து ஆர்டர் வரும். டீ, காபி விலை எப்போதாவதுதான் மாறும். அதற்குக் கீழே இருக்கும் பலகார வரிகள் தினமும் மாறும், சில நாள் மதியத்துக்குள்ளேயே இரண்டாம் முறை மாறும். அந்த நேரத்தில் பலகைக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள், திரும்பப் படம் எடுக்க முடியாது. அதனால் இருக்கிற படத்தையே கைபேசியில் திருத்தப் பழகினார். நான் பக்கத்தில் அச்சு வேலை பார்ப்பவன். எங்காவது சிக்கினால் கைபேசியை என் பக்கம் நீட்டுவார்.

அவருக்கு வந்த சிக்கல்களை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே அறிகுறியாக வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் எழுத்து மங்குவதைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், பாதிச் சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. கைபேசி சாதாரண ஆண்ட்ராய்டு. பொத்தான்களின் பெயர் உங்கள் கைபேசியில் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

“பழைய விலை பேய் மாதிரி பின்னாடி தெரியுது”

12 என்று இருந்ததைப் பூசி மறைத்து, மேலே 15 என்று எழுதியிருப்பார். அவர் கையில் இருந்த கைபேசியில் பார்க்கும்போது சரியாகவே இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கும் வாடிக்கையாளரின் திரையில் மட்டும் 15-க்குப் பின்னால் அந்த 2 மெல்லியதாக எட்டிப் பார்க்கும். ஒருவர் போன் போட்டு, “பன்னெண்டா பதினஞ்சா, எதுங்க கணக்கு?” என்று கேட்டுவிட்டார்.

காரணம் எளிது. கூகுள் போட்டோஸில் `Edit`, அப்புறம் `Markup` போனால் இரண்டு கோல்கள் இருக்கும். `Pen` என்பது பின்னால் இருப்பதை முழுதாக மறைக்கும். `Highlighter` என்பது கண்ணாடித் தாள் வைத்ததுபோல் அரைகுறையாகத்தான் மறைக்கும். அது கோடு போட்டுக் காட்டுவதற்காகச் செய்த கருவி, அழிப்பதற்காக அல்ல. அண்ணன் அதன் முனை தடியாக இருக்கிறது என்பதற்காக அதையே எடுத்துக் கொண்டிருந்தார். கறுப்பு நிறத்தில் இரண்டு மூன்று தடவை பூசினால் கண்ணுக்கு மறைந்தது போலத் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் பழைய எண்ணின் வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

மறைந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. திருத்திய படத்தைத் திறந்து, `Brightness` அளவைக் கடைசி வரை கூட்டிப் பாருங்கள். பழைய எண் தெரிந்தால் உங்கள் பூச்சு ஒளி ஊடுருவும் பூச்சு. பார்த்த பிறகு சேமிக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். சேமித்துவிட்டால் வெளுத்த படம்தான் மிஞ்சும்.

“ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கு”

சரி, `Pen` எடுத்து முழுதாக மறைத்தாகிவிட்டது. இப்போது அந்த இடம் மட்டும் தனிக் கட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

கரும்பலகை கறுப்பு என்று நாம் நினைக்கிறோம். படத்தில் அது கறுப்பு இல்லை. விளக்குப் பக்கம் சாம்பல், மறு ஓரம் கொஞ்சம் பச்சை கலந்த கறுப்பு, நடுவில் நேற்று அழித்த சாக்பீஸ் தூளின் வெள்ளைப் படலம். எடிட்டர் தருவதோ ஒரே சீரான கறுப்பு. அதை எங்கே வைத்தாலும் ஒட்டுத் தெரியும்.

சில எடிட்டர்களில் நிறப் பட்டியலின் ஓரத்தில் சொட்டுக்குழாய் வடிவத்தில் ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டு, அழிக்க வேண்டிய எண்ணுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் வெறும் பலகையில் வைத்தால், அந்த இடத்தின் நிறத்தையே கோலுக்குக் கொடுக்கும். அந்த நிறத்தில் எண்ணை மட்டும் மறைத்தால் ஒட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். பலகையின் வேறு மூலையில் இருந்து நிறம் எடுத்தால் பயன் இல்லை, அங்கே வெளிச்சம் வேறு.

இன்னொரு வழி, ஸ்னாப்சீட் செயலியில் இருக்கும் `Healing`. விரலால் எண்ணைத் தேய்த்தால், சுற்றியிருக்கும் பலகையை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பும். சாக்பீஸ் தூள் படிந்த பலகைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் தூளுக்கு என்று ஒரு ஒழுங்கு கிடையாது, எங்கிருந்து எடுத்து ஒட்டினாலும் தெரியாது. ஆனால் விரலின் தடிமன் திரையில் ஒரே அளவாகத்தான் இருக்கும். அதனால் முதலில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு அப்புறம் தேய்க்க வேண்டும். அண்ணன் முழுப் படத்தையும் வைத்துக்கொண்டு தேய்த்தார், 12-இல் உள்ள 2 போனதோடு பக்கத்து வரியில் இருந்து ஒரு பாதி எழுத்து வந்து உட்கார்ந்துவிட்டது. பலகையில் கோடு போட்டிருந்தால் கோட்டையும் வளைத்துவிடும்.

இவை இரண்டும் அவசரத்துக்குச் சரி. ஒரு நாளில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும் என்றால் போதும். தினமும் நாலைந்து எண் மாறுகிற பலகைக்கு இதை நம்பி இருப்பது வீண் வேலை. அதற்கான வழி கீழே வருகிறது.

“திங்கக்கிழமை பளிச்சுனு இருந்துச்சு, வெள்ளிக்கிழமை எழுத்தெல்லாம் நுரை கட்டிப்போச்சு”

இதுதான் முக்கியமான அறிகுறி. எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள். சிவப்புச் சாக்பீஸால் எழுதிய வரி கரைந்து பலகையோடு கலந்திருக்கிறது. வெள்ளை வரிகள் மட்டும் தப்பித்திருக்கின்றன. 6-ஐயும் 8-ஐயும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணன் கேமரா கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் பார்த்தார், கைபேசி பழசாகிவிட்டது என்றும் சொன்னார்.

நான் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, எந்தப் படத்தை எடுத்துத் திருத்துறீங்க?”

“நேத்துப் போட்டதைத்தான் தம்பி. குரூப்ல இருந்து எடுத்துக்குவேன். இல்லேன்னா ஸ்டேட்டஸைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் அடிச்சிக்குவேன்.”

நோய் அங்கேதான் இருக்கிறது. வாட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது அதைச் சுருக்கி, மறுபடி ஜேபெக் முறையில் கட்டி அனுப்புகிறது. ஜேபெக் என்பது படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண் அவ்வளவாகக் கவனிக்காத நுணுக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடும். முகம், மரம், வானம் என்றால் அது தெரியாது. கறுப்பில் வெள்ளை எழுத்து என்று சட்டென்று மாறும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும். அந்தக் கட்டத்துக்குள் எழுத்தின் ஓரத்தில் அலை அலையாகப் புள்ளி வந்துவிடும். அவர் பார்த்த நுரை அதுதான். ஒரு தடவை கட்டினால் வருகிற நுரை கொஞ்சம். அந்தப் படத்தையே எடுத்துத் திருத்தி மறுபடி அனுப்பும்போது, நுரையையும் எழுத்து என்று எண்ணி அதற்கும் சேர்த்து நுரை கட்டும். திங்கள் படத்தில் இருந்து செவ்வாய், செவ்வாயில் இருந்து புதன் என்று போனால் வெள்ளிக்கிழமைக்குள் படம் அப்படித்தான் ஆகும்.

சிவப்பு ஏன் முதலில் போகிறது? இந்த முறையில் வெளிச்ச விவரத்தையும் நிற விவரத்தையும் தனித்தனியாக வைப்பார்கள். நம் கண் நிறத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை என்பதால், நிற விவரத்தைப் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்துத்தான் சேமிப்பார்கள். வெள்ளைச் சாக்பீஸுக்கும் பலகைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க வெளிச்சம், அதனால் அது பிழைத்துக்கொள்ளும். சிவப்புக்கும் கரும்பலகைக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு, நிற வித்தியாசம்தான் அதிகம். அதனால் சிவப்பு எழுத்து முதல் நாளிலேயே மங்கத் தொடங்கும். ‘இன்று புதுசு’ என்று எடுத்துக்காட்ட வேண்டிய வரிக்கு அண்ணன் சிவப்பு வைத்திருந்தார், பாவம், அந்த வரிதான் யாராலும் படிக்க முடியாத வரி. மஞ்சள் சாக்பீஸ் எடுக்கச் சொன்னேன். மஞ்சள் வெளிச்சமான நிறம், வெள்ளையைப் போலவே தாக்குப்பிடிக்கும்.

சுருங்குவதன் கணக்கையும் பார்த்துவிடலாம். அவர் கேமரா எடுக்கும் படம் 4000-க்கு 3000 புள்ளி. அதில் 15 என்ற எண் 100 புள்ளி உயரம் இருக்கிறது என்று வையுங்கள். வாட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்கு வந்துவிடும், அப்போது எண்ணின் உயரம் 40. அதை 1080 புள்ளி அகலத் திரையில் ஸ்கிரீன்ஷாட் அடித்தால் 27. அவ்வளவு சின்ன இடத்தில் 6-இன் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை இரண்டு மூன்று புள்ளிகள்தான் சொல்ல வேண்டும். `HD` என்ற பொத்தானைத் தொட்டு அனுப்பினால் இதைவிடப் பெரிய படமாகப் போகும். ஆனாலும் மறுபடி கட்டுவது கட்டுவதுதான்.

நீங்கள் திருத்திக்கொண்டிருப்பது எந்தப் படம் என்று கோப்பின் பெயரே சொல்லிவிடும். கேலரியில் படத்தைத் திறந்து மேலே தள்ளினால், அல்லது மூன்று புள்ளியைத் தொட்டு விவரம் என்று போனால், பெயரும் அளவும் தெரியும். அண்ணன் கைபேசியில் தெரிந்த பெயர்களின் அமைப்பு இப்படி:

```
IMG_20250314_061500.jpg        4000 x 3000
IMG-20250314-WA0007.jpg        1600 x 1200
Screenshot_20250315-060210.png 1080 x 2400
```

முதலாவது கேமரா எடுத்தது. நடுவில் `WA` என்று இருப்பது வாட்ஸ்அப் வழியாக வந்தது. மூன்றாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். `WA` என்று இருக்கும் படத்தைத் திருத்தவே கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்த விதி இதுதான், ஏனென்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது.

அப்படியானால் எதைத் திருத்துவது?

விலை எண்களே இல்லாத ஒரு படம் வேண்டும். அதை அண்ணன் தாய்ப்படம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், நானும் அப்படியே சொல்கிறேன். தினமும் அதில் இருந்து ஒரு நகல் எடுத்து, அன்றைய எண்களை மட்டும் வைத்து அனுப்ப வேண்டும். நேற்றைய படத்தோடு இன்றைய படத்துக்கு எந்த உறவும் இருக்கக் கூடாது.

எண் இல்லாத படத்தைச் செய்ய அவர் முதலில் `Healing` வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தேய்க்க உட்கார்ந்தார். அதற்குத் தேவையே இல்லை. பலகை அவருடையது. ஈரத்துணியால் விலைப் பகுதியையும் மாறும் வரிகளையும் அழித்துவிட்டு, டீ, காபி, பால் என்ற நிரந்தரப் பெயர்களை மட்டும் விட்டு, ஒரு படம் எடுத்தால் முடிந்தது. ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு எடுக்க வேண்டும். ஈரப் பலகை அதிகக் கறுப்பாகவும் பளபளப்பாகவும் விழும், துடைத்த தடம் மேகம்போலத் தெரியும்.

இந்த ஒரு படத்தைப் பொறுமையாக எடுத்துவிட்டால் மாதக்கணக்கில் கவலை இல்லை. அதனால் எடுக்கும்போது வரும் சிக்கல்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பலகை சாம்பலாக வெளுத்து, எழுத்து சுண்ணாம்பு அப்பியதுபோல் வந்தால் அது கேமராவின் ஊகம். படம் முழுவதும் இருட்டாக இருக்கிறது என்று எண்ணி அது வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. திரையில் பலகையைத் தொடுங்கள், பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதைப் பலகை கறுப்பாகும் வரை கீழே இழுங்கள். எழுத்து கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. மங்கியதைப் பின்னால் ஏற்றலாம். முழு வெள்ளையாகப் போய்விட்ட இடத்தில் இருந்து எதையும் மீட்க முடியாது.

விளக்கின் பிரதிபலிப்பு வெள்ளைத் திட்டாக விழுந்தாலும் அப்படித்தான், எடிட்டரில் போகாது. பிளாஷை அணைத்துவிட்டு, திட்டு பலகையை விட்டு நகரும் வரை நீங்கள் பக்கவாட்டில் நகருங்கள். அப்போது பலகை சாய்ந்து விழும், அதைச் சரி செய்யலாம். கூகுள் போட்டோஸில் `Crop` பகுதியில் நாலு முனையுள்ள ஒரு குறி இருக்கிறது. அதைத் தொட்டு, நான்கு புள்ளிகளையும் பலகையின் நான்கு மூலைக்கு இழுத்து வைத்தால் பலகை நேராகும். ஆனால் தூரத்தில் இருந்த பக்கத்தை இழுத்து நீட்டித்தான் நேராக்குகிறது, அதனால் அந்தப் பக்கத்து எழுத்து கொஞ்சம் மென்மையாகிவிடும். ரொம்பவும் பக்கவாட்டில் நின்றால் விலை இருக்கும் வலது ஓரமே மங்கும். விலை எழுதும் பக்கமாக நகர்ந்து நில்லுங்கள், மங்குவது பெயர்ப் பக்கமாக இருக்கட்டும். பலகையைச் சுற்றிக் கொஞ்சம் சுவரையும் விட்டு எடுக்க வேண்டும், நேராக்கும்போது ஓரம் வெட்டுப்படும். கேமராவில் `0.5x` வேண்டாம், பலகையின் சட்டம் வளைந்து விழும்.

படத்தின் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை ஓடினால் அது விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் பல எல்இடி விளக்குகளும் பழைய டியூப் லைட்டுகளும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், சில வரிகள் மங்கிய நேரத்தில் மாட்டிக்கொள்கின்றன. கேமராவில் `Pro` முறை இருந்தால் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை போகும். 60 ஹெர்ட்ஸ் உள்ள ஊராக இருந்தால் 1/60 அல்லது 1/120. அண்ணன் கைபேசியில் அந்த முறை இல்லை. பொழுது விடிந்த பிறகு அந்த ஒரு விளக்கை அணைத்துவிட்டு எடுத்தார், பட்டையும் திட்டும் சேர்ந்தே போய்விட்டன. உண்மையில் எனக்கும் அதுதான் பிடித்த வழி.

எடுத்த படத்தைக் கேலரியில் தனி ஆல்பத்தில் வைத்து, பெயரில் தாய்ப்படம் என்று போட்டுவிடுங்கள். கைபேசி தொலைந்தால் என்ன செய்வது என்று, அதையே வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே `Document` ஆகவும் அனுப்பி வைத்தார். அப்படி அனுப்பினால் சுருங்காமல் அப்படியே இருக்கும்.

“எண்ணு தினம் ஒரு இடத்துல போய் உக்காருது”

தாய்ப்படத்தில் `Text` வைத்து எண் போடும்போது, ஒரு நாள் 15 பெரிதாக, மறுநாள் சின்னதாக, வரிக்கு மேலே, கீழே என்று அலையும். விரலால் தள்ளி வைப்பதால் வருவது. அதைவிட, எழுத்து தனி அடுக்காக நிற்கும் செயலியில் ஒரு தடவை அடுக்கி வைத்துக்கொள்வது நல்லது. அண்ணனுக்குக் கேன்வா போட்டுக் கொடுத்தேன். புது வடிவமைப்பை 1600-க்கு 1200 என்று வைத்தோம், வாட்ஸ்அப் சுருக்க அதிகம் இடம் இராது. தாய்ப்படத்தைப் பின்னணியாக்கிப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் பெட்டி, மாறும் வரிகளுக்குப் பெயர்ப் பெட்டி. எண்களை வலது ஓரத்துக்குச் சீராக வைத்தால் ஒற்றை இலக்கமும் இரட்டை இலக்கமும் ஒரே கோட்டில் முடியும். தினமும் பெட்டியைத் தொட்டு எண்ணை மட்டும் மாற்றிப் பதிவிறக்கினால் போதும். மதியம் மாறினாலும் அதே பெட்டிதான். இதற்கு இணையம் வேண்டும் என்பதும் எழுத்து சாக்பீஸ் மாதிரி இராது என்பதும்தான் குறை. அண்ணனுக்கு முதலில் அது உறுத்தியது. ஒரு வாடிக்கையாளரும் கண்டுகொள்ளவில்லை.

“பேரு உடைஞ்சு உடைஞ்சு வருது”

எண்ணில் வராத சிக்கல் பெயரில் வரும். ‘கொ’ என்று தட்டினால் கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் புள்ளி வட்டம். அல்லது எல்லாம் கட்டம் கட்டமாக. தமிழில் கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுவைப்பது செயலியின் வேலை. எல்லாச் செயலியும் அதை ஒழுங்காகச் செய்வதில்லை. கட்டமாக வந்தால் எழுத்துருவில் தமிழே இல்லை என்று பொருள். `Noto Sans Tamil`, `Mukta Malar`, `Catamaran`, `Baloo Thambi` போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் உடைந்தால் எழுத்துருவின் மேல் தவறில்லை, செயலியை மாற்ற வேண்டும்.

பலகாரப் பெயர்களை அண்ணன் ஒரு நாள் என் கணினியில் இருந்த பழைய கோப்பில் இருந்து நகலெடுத்துப் போய் ஒட்டினார், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. அச்சகங்களில் இன்னும் புழங்கும் பாமினி எழுத்துரு யூனிகோடு அல்ல. அதில் அம்மா என்று தெரிவதற்கு உள்ளே `mk;kh` என்றுதான் இருக்கும். கைபேசிக்கு அந்த எழுத்துரு கிடையாது, உள்ளே இருப்பதை அப்படியே காட்டிவிடும். கைபேசியிலேயே தட்டிக்கொள்ளுங்கள்.

“நான் மாத்திட்டேன், ஆனா அவங்களுக்குப் பழசுதான் தெரியுது”

இதில் இரண்டு விதம். ஒன்று, கேலரியில் மாற்றியதும் ஏற்கெனவே அனுப்பிய படமும் மாறிவிடும் என்று எண்ணுவது. மாறாது. அனுப்பியது அனுப்பிய கணத்திலேயே தனி நகலாகிவிட்டது. படத்துக்குக் கீழே எழுதிய வரியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், படத்தைத் திருத்த வழியில்லை. பழைய படத்தை எல்லோருக்கும் நீக்கிவிட்டு (இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அது முடியும்) புதியதை அனுப்ப வேண்டும். ஸ்டேட்டஸிலும் பழையதை நீக்குங்கள், இல்லையென்றால் 24 மணி நேரம் பழசும் புதுசும் அடுத்தடுத்து ஓடும். அண்ணன் புதியதை மட்டும் போட்டுவிட்டு, பழையதை விட்டுவிடுவார். அவசரத்தில் இருக்கும் ஆள் முதலில் வருவதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார், முதலில் வருவது பழசு.

இரண்டாவது, தவறான கோப்பை அனுப்புவது. கூகுள் போட்டோஸில் திருத்திவிட்டு `Save copy` கொடுத்தால், நகலும் அசலும் அருகருகே உட்காரும். சிறு கட்டத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கி, மாற்றிய எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இன்னும் நம்பிக்கை வராவிட்டால் முதலில் தனக்குத்தானே அனுப்பி, வந்த படத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். வாடிக்கையாளருக்குக் கிடைக்கப்போவது அந்தச் சுருங்கிய படம்தான்.

“போன மாசப் படத்தைக் காட்டிச் சண்டைக்கு வர்றாங்க”

நீக்கினாலும், யாராவது கேலரியில் சேமித்து வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால் அதை எட்ட முடியாது. ஒருவர் அப்படி வந்த படத்தைக் காட்டி, பழைய விலைக்குத்தான் காசு கொடுப்பேன் என்று நின்றார். படத்தில் 12 என்று தெளிவாக இருக்கிறது, என்றைக்கு எடுத்தது என்பதற்கு மட்டும் ஒரு தடயமும் இல்லை. அண்ணன் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

தேதியைப் படத்துக்குக் கீழே எழுதினால் போதாது, மற்றவர்களுக்கு அனுப்பும்போது அந்த வரியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அனுப்ப முடியும். தேதி படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் வெட்டிவிடலாம் என்பதால், டீ விலைக்கு நேர் மேலே, ‘14-03 காலை’ என்று மஞ்சளில் ஒரு பெட்டி வைத்தோம். மதியம் விலை மாறினால் ‘காலை’ என்பதை ‘மதியம்’ ஆக்க வேண்டும். எண்ணை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவார் என்று தெரிந்ததால், தேதிப் பெட்டியைத்தான் முதலில் தொட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதை மாற்றாமல் பதிவிறக்கினால் அன்று காலை படத்துக்கும் மதியப் படத்துக்கும் இடையே எது புதுசு என்று அவருக்கே தெரியாது.